சாட்டில் நெருப்பு கொட்டும்போது ஸ்ட்ரீமர் எதைப் பார்க்கிறார்?

இரவு ஒன்பது மணிக்கு மேல் தமிழில் ஏதாவது ஒரு கேமிங் லைவைத் திறந்து, பக்கத்தில் ஓடும் சாட்டை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்கள். "ஹாய் அண்ணா", "என் பேர் சொல்லுங்க அண்ணா", "ரூம் ஐடி தாங்க ப்ரோ" என்று நிதானமாக நகர்ந்துகொண்டிருக்கும். திடீரென்று பத்து வினாடிக்கு 🔥🔥🔥 என்றும் 😂😂😂 என்றும் திரை முழுக்கக் கொட்டும். நடுவில் நாலைந்து மண்டையோடும் வரும். அப்புறம் மறுபடியும் "ஹாய் அண்ணா".

புதிதாகப் பார்ப்பவருக்கு இது வெறும் குப்பை. ஒரே படத்தை நூறு பேர் ஒட்டுவதில் என்ன செய்தி இருக்கப்போகிறது? ஆனால் பெரம்பூரிலோ பல்லாவரத்திலோ ஒரு சின்ன அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, எதிரில் ஒரு மனித முகம்கூட இல்லாமல் மூன்று மணி நேரம் பேசிக்கொண்டே விளையாடுபவருக்குக் கூட்டத்தின் முகம் அதுதான். சேப்பாக்கத்தில் ஆட்டம் நடக்கும்போது பெல்ஸ் சாலையில் நடந்து போகிறவருக்கு ஒரு வார்த்தையும் கேட்காது. இருந்தாலும் அந்த இரைச்சலின் ஏற்ற இறக்கத்தை வைத்தே பவுண்டரியா விக்கெட்டா என்று சொல்லிவிடுவார். ஸ்ட்ரீமரும் அப்படித்தான் சாட்டைப் படிக்கிறார். ஒரு சங்கடம் என்னவென்றால், மைதானத்துச் சத்தம் உடனே காதில் விழுகிறது. சாட் அப்படி வருவதில்லை. படிப்பதில் வரும் தப்புகளில் பெரும்பகுதி இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் பிறக்கிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2011இல் தொடங்கிய ட்விட்ச் என்ற லைவ் ஸ்ட்ரீமிங் தளத்தில் எமோட் என்பது ஒரு சொல்லைத் தட்டினால் படமாக மாறுகிற சமாச்சாரம். Kappa என்று தட்டினால் ஒரு ஆளின் கறுப்பு வெள்ளை முகம் வரும். அது ட்விட்ச்சின் தாய்த்தளமான ஜஸ்டின்.டிவியில் வேலை பார்த்த ஜாஷ் டிசெனோவின் படம். சொன்னதை நம்பாதே, கிண்டல் என்பது அதன் பொருள். வியப்புக்கு PogChamp, அலுப்புக்கு ResidentSleeper, சிரிப்புக்கு LUL. 2021 ஜனவரியில் PogChamp முகத்துக்குச் சொந்தக்காரர் வன்முறையைத் தூண்டும் கருத்துகளை வெளியிட்டதால் ட்விட்ச் அந்தப் படத்தை எடுத்துவிட்டது. கூட்டம் அதற்காக வியப்பதை நிறுத்தவில்லை, வேறு படத்துக்குத் தாவியது. 2017இல் கொலின் ஃபோர்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் பெரிய ட்விட்ச் சாட்களை ஆராய்ந்து, வெளியிலிருந்து குழப்பமாகத் தெரியும் இந்தப் பேச்சுக்கு உள்ளே ஒழுங்கு இருக்கிறது என்று எழுதினார்கள். கூட்டம் பெரிதாகும்போது ஆளுக்கு ஆள் பேசும் உரையாடல் சாத்தியமில்லாமல் போய், ஒரே குரலில் சத்தம் போடும் முறை வருகிறது என்பது அவர்கள் பார்த்தது.

தமிழ் லைவ்கள் பெரும்பாலும் யூடியூபில் நடக்கின்றன. அதனால் இங்கே எமோட் என்றால் போனில் இருக்கும் சாதாரண இமோஜி, மெம்பர்ஷிப் எடுத்தவர்களுக்கு மட்டும் கிடைக்கும் சேனலின் சொந்த இமோஜி, அப்புறம் ஒற்றை எழுத்துகள். தோற்றால் F, ஜெயித்தால் GG அல்லது W. இதில் F என்பது 2014இல் வந்த ஒரு கால் ஆஃப் டூட்டி விளையாட்டில், இறுதிச் சடங்குக் காட்சியில் மரியாதை செலுத்த அந்தப் பட்டனை அழுத்தச் சொன்னதிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய பழக்கம். அது எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் நம்ம பசங்களும் போடுகிறார்கள்.

சரி, ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் கணக்குக்காக வைத்துக்கொள்பவை. நிலைமை எந்த லைவிலும் பார்க்கக்கூடியது. ஒருவர் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஆடுகிறார். 600 பேர் பார்க்கிறார்கள். சும்மா இருக்கும் நேரத்தில் சாட்டில் நிமிடத்துக்கு 16 செய்தி வருகிறது, அதாவது 15 வினாடிக்கு நான்கு. இரவு 9:42:10க்கு அவர் தனி ஆளாக நின்று எதிரணியில் கடைசி இரண்டு பேரையும் சாய்க்கிறார். ஸ்ட்ரீம் குறைந்த தாமதம் என்ற அமைப்பில் போகிறது. யூடியூப் இதற்குப் பத்து வினாடிக்குள் தாமதம் என்று சொல்கிறது. நாம் எட்டு என்று வைப்போம். பார்வையாளர் அந்தக் காட்சியைப் பார்ப்பது 9:42:18க்கு. பார்த்து, வாயைப் பிளந்து, இமோஜியைத் தேடித் தட்டி அனுப்ப மூன்று வினாடி. அது ஸ்ட்ரீமரின் திரைக்கு வந்து சேர இன்னும் ஒரு வினாடி. ஆக 9:42:22க்குத்தான் முதல் நெருப்பு விழுகிறது. நடந்து முடிந்து 12 வினாடி ஆகிவிட்டது.

அந்த 12 வினாடியில் அவர் சும்மா இருக்க மாட்டார். துப்பாக்கியை ரீலோட் செய்துவிட்டு, செத்துக் கிடக்கும் டீம்மேட்டைப் பார்த்து 9:42:19க்கு ஒரு மொக்கை ஜோக் அடிக்கிறார். மூன்று வினாடி கழித்துச் சாட் வெடிக்கிறது. 15 வினாடியில் 60 செய்தி, வழக்கத்தைப் போல 15 மடங்கு. அவர் என்ன நினைப்பார்? ஜோக் ஓடிவிட்டது என்று நினைப்பார். அடுத்த நாளும் அதே ஜோக்கை அடிப்பார். உண்மையில் ஜோக்குக்கான பதில் 9:42:31க்கு வந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் இரண்டு 😂 மட்டும், அதுவும் தினமும் வரும் ஆட்களிடமிருந்து வந்திருந்தால், ஜோக்கின் மதிப்பு அவ்வளவுதான்.

இதைத் தவிர்க்க அனுபவமுள்ளவர்கள் செய்வது எளிமையான வேலை. லைவ் தொடங்கியதும் "சவுண்ட் கேக்குதா? கேட்டா 1 போடுங்க" என்பார்கள். பார்ப்பவருக்கு அது ஒலி சரிபார்ப்பு. சொல்லி முடித்ததிலிருந்து முதல் 1 வரும்வரை எத்தனை வினாடி என்று எண்ணிக்கொண்டால், அன்றைய லைவின் தாமதமும் கையில் கிடைத்துவிடும். அன்றைக்கு 11 வினாடி என்றால், சாட்டில் எது நடந்தாலும் மனத்துக்குள் 11 வினாடி பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். இன்னும் சிலர் தங்கள் லைவையே ஒரு போனில் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பக்கத்தில் சாய்த்து வைத்திருப்பார்கள். சாட் பொங்கும்போது அந்தப் போனைப் பார்த்தால் போதும், கூட்டம் இப்போது எந்தக் காட்சியில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

முதல் 1 மட்டும் முழுக் கதையைச் சொல்லாது. ஒரே லைவை எல்லாரும் ஒரே நொடியில் பார்ப்பதில்லை. வீட்டு ஃபைபர் இணைப்பில் பார்ப்பவருக்கு ஏழு வினாடி என்றால், புறநகர் ரயிலில் தாம்பரம் தாண்டிப் போய்க்கொண்டிருப்பவருக்கு வீடியோ நின்று நின்று வந்து இருபது வினாடிகூட ஆகலாம். அதனால் உண்மையான ஒரு பொங்கலுக்கு ஒரு வடிவம் இருக்கிறது. சட்டென்று ஏறும், மெதுவாக இறங்கும். கடைசியாக வரும் நாலைந்து நெருப்புகள் தாமதமாகப் பார்த்தவர்களுடையவை. அவற்றைப் புதிய பாராட்டாக எண்ணிக்கொள்வது புதியவர்கள் செய்யும் தப்பு.

அடுத்த கேள்வி, அந்த 60 செய்தியும் எத்தனை பேருடையது? என் கணிப்பில் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான எண். இதை எந்தத் திரையும் பெரிதாகக் காட்டுவதில்லை. 60 செய்தி 40 பேரிடமிருந்து வந்திருந்தால், பார்த்துக்கொண்டிருந்த 600 பேரில் பதினைந்தில் ஒருவர் கையை எடுத்துத் தட்டியிருக்கிறார். சாட்டில் ஒரு வார்த்தைகூடத் தட்டாதவர்களே பெரும்பாலோர் என்பதால் இது பெரிய விஷயம். அதே 60 செய்தி ஏழு பேரிடமிருந்து வந்திருந்தால், ஏழு சிறுவர்களுக்குப் பொழுதுபோகவில்லை என்று பொருள். வேகமாக ஓடும் சாட்டில் பெயர்களைப் படிக்க முடியாதுதான். ஆனால் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் வட்டப் படங்களின் நிறம் தெரியும். வெவ்வேறு நிற வட்டங்கள் வரிசையாக வந்தால் கூட்டம். ஒரே மூன்று நிறம் மாறி மாறி வந்தால் மூன்று பேர்.

இந்த இடத்தில் ஸ்லோ மோட் என்ற அமைப்பு வேடிக்கையான வேலை செய்கிறது. ஒருவர் ஒரு செய்தி போட்டால் அடுத்ததற்கு இத்தனை வினாடி காத்திருக்க வேண்டும் என்று சேனல்காரர் வைக்கலாம். அதை 60 வினாடிக்கு வைத்தால் ஸ்பாம் ஒழிந்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஒழிந்தது உண்மைதான், கூடவே இன்னொன்றும் நடக்கிறது. இப்போது ஒரு செய்தி என்றால் அநேகமாக ஒரு ஆள். சத்தத்தை அளந்துகொண்டிருந்த கருவி தலைகளை எண்ணும் கருவியாகிவிடுகிறது. இழப்பும் உண்டு. அரை நிமிடம் முன்பு "ஹாய் அண்ணா" போட்டவர் அந்த இரட்டைக் கொலையைப் பார்த்து வாய் பிளந்தாலும் சாட்டில் ஊமைதான். அதனால் ஸ்லோ மோட் உள்ள லைவையும் இல்லாத லைவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது.

இன்னொரு வடிகட்டியும் இருக்கிறது, பலருக்கு அது இருப்பதே தெரியாது. யூடியூப் சாட்டின் மேலே Top chat, Live chat என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். வழக்கமாகத் திறப்பது முதலாவது. ஸ்பாம் என்று தளம் சந்தேகிக்கும் செய்திகள் அதில் தெரியாது. கூட்டத்தின் மனநிலையை ஸ்பாமில்தான் தேட வேண்டும் என்றால், இந்தத் தேர்வில் வைத்துப் பார்க்கும் ஸ்ட்ரீமர் அலையின் நுனியை வெட்டிவிட்டுத்தான் பார்க்கிறார். நமக்கு ஆகக்கூடியது Live chat.

எண்ணிக்கை போகட்டும், அலையில் என்ன இருக்கிறது என்பதும் ஒன்றைச் சொல்லும். எதிர்பாராமல் ஒன்று நடக்கும்போது சாட் ஒரே மாதிரி இருக்காது. ஒருவர் 🔥, ஒருவர் 😱, ஒருவர் "டேய்ய்ய்", இன்னொருவர் அவசரத்தில் அர்த்தமில்லாத நாலு எழுத்து. எல்லாரும் தனித்தனியாக, ஒரே இரண்டு மூன்று வினாடிக்குள் தட்டியிருக்கிறார்கள், யாரும் யாரையும் பார்க்கவில்லை. மாறாக, முதலில் ஒருவர் ஒரு வரிசையைப் போட்டு, அப்புறம் மூன்று பேர் அதையே போட்டு, அப்புறம் இருபது பேர் அச்சாக அதையே போட்டால், அது பார்த்துச் செய்வது. விளையாட்டைப் பற்றிய செய்தி அதில் குறைவு; சாட் தன்னைத்தானே ரசித்துக்கொண்டிருக்கிறது. இதையும் மோசம் என்று சொல்ல மாட்டேன். லாபியில் அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கும் மந்தமான நேரத்தில் கூட்டம் கலையாமல் இருப்பது இதனால்தான். ஆனால் அந்தக் காட்சி நன்றாக இருந்தது என்பதற்கு இது சாட்சி ஆகாது.

"1 போடுங்க", "நெருப்பு விடுங்க மக்களே" என்று கேட்டு வாங்கும் அலைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்பதை அவை காட்டும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டுக்கொண்டே இருந்தால், கேட்காமல் வரும் நெருப்பு குறைந்துகொண்டே போகும்.

பொருள் புரட்டிப் போடப்படும் இமோஜிகளும் இருக்கின்றன. மண்டையோடு என்றால் பதினாறு வயதுப் பையனுக்குச் "சிரிச்சே செத்துட்டேன்". கண்ணீர் கொட்டும் முகமும் அநேகமாகச் சிரிப்புதான். நாற்பதைத் தாண்டிய ஒருவர் சமையல் லைவ் போட்டு, மண்டையோடு மழையைப் பார்த்து "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினால் அவர் மேல் தப்பில்லை. ஸ்ட்ரீமருக்கு இதைவிடக் கடினம் 😂தான். அவர் ஆட்டத்தில் கேவலமாகச் செத்துப்போன அடுத்த நொடி சாட் முழுக்க மஞ்சள். கூடச் சிரிக்கிறார்களா, பார்த்துச் சிரிக்கிறார்களா? படத்தில் பதில் இல்லை, யார் போட்டார்கள் என்பதில்தான் இருக்கிறது. மெம்பர் பேட்ஜ் உள்ளவர்களும் தினமும் வருகிறவர்களும் போட்டால் வீட்டுக் கிண்டல். இதுவரை பார்த்தே இராத பெயர்கள் ஒரே நேரத்தில் வந்து போட்டால், வேறொரு சேனலின் ரசிகர் கூட்டம் சண்டைக்கு வந்திருக்கிறது. அப்போது சப்ஸ்கிரைபர்கள் மட்டும், அதுவும் சேர்ந்து குறிப்பிட்ட காலம் ஆனவர்கள் மட்டும் எழுதலாம் என்று மாடரேட்டர் மாற்றிவிடுவார். மாற்றிய ஒரு நிமிடத்தில் மஞ்சள் காணாமல் போனால் சந்தேகம் உறுதி.

அமைதியையும் படிக்க வேண்டும். இங்கே போனில் பார்ப்பவர்களே அதிகம் என்பதால் அமைதிக்குத் தனியாக ஒரு காரணம் உண்டு. ஆட்டக் களமான வட்டம் கடைசியாகச் சுருங்கி, நாலு பேர் மிச்சம் இருக்கும் நேரத்தில் பார்வையாளர் போனைப் படுக்கையாகத் திருப்பி முழுத்திரையில் வைக்கிறார். சாட்டில் தட்ட அவர் முழுத்திரையை விட்டு வெளியே வர வேண்டும். யார் வருவார்கள்? ஆக, லைவின் மிகச் சூடான நிமிடத்தில் சாட் காலியாக இருக்கலாம். "என்ன மக்களே, தூங்கிட்டீங்களா?" என்று அந்த நேரத்தில் கேட்கும் ஸ்ட்ரீமர், மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களின் தோளைத் தட்டுகிறார். பார்த்துக்கொண்டிருப்போர் எண்ணிக்கையைக் கூட வைத்துப் பார்த்தால் குழப்பமில்லை. சாட் விழுந்து, எண்ணிக்கை அப்படியே நின்றால் அது ஈடுபாடு. இரண்டும் சேர்ந்து சரிந்தால் அலுப்பு. பிரச்சினை, எண்ணிக்கை உடனுக்குடன் மாறுவதில்லை; ஒரு நிமிடமாவது பொறுத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

எதற்காக அலை எழுந்தது என்பதில் சதுரங்க லைவ்கள் ஒரு தனிச் சிக்கலைக் கொண்டுவருகின்றன. சென்னையில் இது நிறையப் பேருக்குப் பரிச்சயமானது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக சாம்பியன்ஷிப்பின் 14ஆவது, கடைசி ஆட்டம். குகேஷ் கறுப்புக் காய்கள். டிராவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த நிலையில் டிங் லிரென் 55ஆவது நகர்த்தலில் யானையை f2 கட்டத்தில் வைத்தார். யானைகளையும் மந்திரிகளையும் மாற்றிக்கொண்டால் மிஞ்சும் சிப்பாய் முடிவாட்டம் கறுப்புக்கு வெற்றி. பலகையை மட்டும் பார்ப்பவர் இதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆனால் திரையின் ஓரத்தில் கணினி மதிப்பீட்டுப் பட்டை இருந்தால், ஆடத் தெரியாதவருக்கும் அது கறுப்புப் பக்கம் சாய்வது தெரியும். இப்படிப்பட்ட லைவில் பொங்கும் சாட், நகர்த்தலைப் படித்துப் பொங்கவில்லை. பட்டையைப் பார்த்துப் பொங்குகிறது. வர்ணனையாளருக்கு இது உதவியும் செய்யும், கெடுதலும் செய்யும். தான் கவனிக்காத தவறு நடந்துவிட்டது என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். ஆனால் தான் விளக்கியது கூட்டத்துக்குப் புரிந்ததா என்று சாட்டை வைத்துச் சொல்ல முடியாது. சில வர்ணனையாளர்கள் வேண்டுமென்றே பட்டையை மறைத்துவிட்டுப் பேசுவார்கள். அப்போது எழும் அலை சிறியதாக, கொஞ்சம் தாமதமாக வரும். ஆனால் அது பலகையைப் பார்த்தவர்களின் அலை.

லைவ் முடிந்த பிறகும் இந்த அலைக்கு வேலை இருக்கிறது. மூன்று மணி நேர லைவிலிருந்து ஷார்ட்ஸ் வெட்டும் எடிட்டர் முழுவதையும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. யூடியூபின் லைவ் புள்ளிவிவரத்தில் சாட் வேகத்தின் வரைகோடு இருக்கிறது. அதன் முகடுகளுக்குத் தாவுகிறார். நாம் மேலே பார்த்த காட்சியில் முகடு இருக்கும் இடத்திலிருந்து வெட்டத் தொடங்கினால் அவருக்குக் கிடைப்பது அந்த மொக்கை ஜோக். 12 வினாடி பின்னால் போனால் இரண்டாவது ஆள் சாய்வது கிடைக்கும். அதற்கு முந்தைய பத்து வினாடியையும் சேர்த்தால்தான், தனி ஆளாக எப்படி மாட்டிக்கொண்டார் என்பது தெரிந்து, பார்ப்பவருக்குச் சுவைக்கும். அதனால் முகடுக்கு 20, 25 வினாடி முன்னாலிருந்து தொடங்குவது நல்ல பழக்கம்.

இந்த முறை சுத்தமாக வேலை செய்யாத இடம், வேண்டுமென்றே தாமதம் வைக்கும் லைவ்கள். பிஜிஎம்ஐ போன்ற ஆட்டங்களில் எதிரணி ஸ்ட்ரீமைப் பார்த்தே அவர் ஒளிந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். ஸ்ட்ரீம் ஸ்னைப்பிங் என்பார்கள். அதற்குப் பயந்து 30 அல்லது 60 வினாடி தாமதம் சேர்க்கிறார்கள், யூடியூபிலேயே அதற்கு வசதி இருக்கிறது. போட்டி ஆட்டங்களில் சில நிமிடங்கள்கூட ஆகும். அப்புறம் சாட்டில் நெருப்பு வரும்போது அவர் செத்து, லாபிக்கு வந்து, தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். அந்த நிலையில் சாட்டைத் தானே படிப்பதை விட்டுவிட்டு, தாமதமான அதே காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மாடரேட்டரிடம் பொறுப்பைக் கொடுக்கிறார்கள். எந்த இடத்தில் யார் யார் பொங்கினார்கள் என்று அவர் குறித்து வைத்து, ஆட்டங்களுக்கு நடுவில் சொல்கிறார். "அண்ணா, பிரிட்ஜ்ல நீங்க போட்ட கிரனேடுக்குத்தான் இவ்ளோவும், கடைசி ஃபைட்டுக்கு ஒருத்தனும் கண்டுக்கல."